கப் மெஷின் வாங்கப் போய் பிளேட் மெஷினோடு வந்த கதை

திருமங்கலம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் பேப்பர் கப்பும் தட்டும் போடலாம் என்றுதான் கோயம்புத்தூருக்கு மெஷின் பார்க்கப் போனேன். கப் மெஷினுக்கு எட்டரை லட்சம் சொன்னார்கள். நிமிடத்துக்கு ஐம்பது கப் விழுவதைக் கண் முன்னால் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. முன்பணம் கொடுக்கலாம் என்று நினைத்தபோது, கூட வந்த மச்சான் மெஷினில் மாட்டியிருந்த பேப்பர் ரோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக் பூசினது தானே, நம்ம ஊர்ல ஓடுமா?" என்று கேட்டான்.

ஓடாது. 2018 ஜூனில் வந்த அரசாணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் இருக்கின்றன. கப் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் கப் மீதான தடை நிலைத்தது. 2022 ஜூலையில் மத்திய அரசு போட்ட தடைப் பட்டியலில் பேப்பர் கப் இல்லை. அதனால்தான் வெளி மாநிலத்தில் இந்தத் தொழில் நடக்கிறது, மெஷின் விற்பவரும் அந்தக் கணக்கையே நம்மிடம் சொல்கிறார்.

சரி, பூசாத பேப்பரை மாட்டலாமே என்று கேட்டேன். அந்தப் பூச்சு டீ ஊறாமல் இருக்க மட்டும் இல்லையாம். சூடு பட்டு உருகி, கப்பின் பக்கவாட்டையும் அடியையும் ஒட்டுவதும் அதுதான். பூச்சு இல்லாத பேப்பர் அந்த மெஷினில் கப்பாகவே நிற்காது. வெள்ளி போலப் பளபளக்கும் தட்டிலும் மேலே ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் படலம்தான். ஆகவே பூச்சு இல்லாத வெறும் அட்டைத் தட்டு மட்டும் என்று முடிவு செய்தேன். கப்பை விட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. தடை செய்த சரக்கைப் போட்டுவிட்டு, கொட்டகைக் கதவை யாராவது தட்டும்போதெல்லாம் பயந்துகொண்டு தொழில் செய்ய முடியாது.

இரண்டு அச்சு உள்ள ஹைட்ராலிக் பிளேட் மெஷின், 7 அங்குலம், 10 அங்குலம் அச்சுகளோடு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆனது. அட்டையை வைத்தால் அச்சு இறங்கும்போதே வட்டமாக வெட்டி, விளிம்பையும் மடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் என்று சொன்னார்கள். கையால் அட்டை வைத்து, எடுத்து, எண்ணிக் கட்டுவதற்குள் எங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம்தான் வந்தது.

இனி பேப்பர் கணக்கு. நான் சறுக்கியது இங்கேதான். சிவகாசியில் அட்டை கிலோ எழுபது ரூபாய். 250 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 250 கிராம் எடை. 7 அங்குலத் தட்டுக்கு 8 அங்குல வட்டம் வேண்டும், அந்த வட்டத்தின் எடை 8.1 கிராம். அதனால் கிலோவுக்கு 123 தட்டு, ஒரு தட்டுக்கு 57 காசு என்று மெஷின் விற்றவர் எழுதிக் கொடுத்தார். நானும் அப்படியே நம்பினேன். முதல் நூறு கிலோ தீர்ந்ததும் எண்ணினால் 9,400 தட்டுதான் இருந்தது. மூன்று தடவை எண்ணினோம். அப்புறம்தான் உறைத்தது, நாம் வாங்குவது வட்டம் இல்லை, சதுரம். 8 அங்குலச் சதுரம் 10.3 கிராம். நான்கு மூலையும் கழிவாகப் போகிறது, அதுவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். விளிம்பு கிழிந்ததையும் கழித்தால் கிலோவுக்கு 94. ஆக ஒரு தட்டுக்குப் பேப்பர் மட்டும் 74 காசுக்கு மேல். கழிவைக் கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குப் போட்டாலும் தட்டுக்கு மூன்று காசுதான் திரும்புகிறது. இரண்டு பேர் கூலி பத்து காசு, கரண்டு, கட்டு, வண்டி எல்லாம் சேர்த்து எட்டு காசு. மொத்தம் தொண்ணூறு காசு. விற்பது ஒரு ரூபாய் ஐந்து காசுக்கு. முப்பது காசுக்கு மேல் நிற்கும் என்று எண்ணி இறங்கிய தொழிலில் பதினைந்து காசு நிற்கிறது.

அட்டை வந்ததும் இப்போது முதலில் செய்யும் வேலை, பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் வைப்பது. 2.5 கிராம் காட்டினால் 250 ஜிஎஸ்எம். ஒருமுறை 2.2 காட்டியது. கிலோவுக்குத் தட்டு அதிகம் கிடைக்கும்தான், ஆனால் இரண்டு வடை வைத்தால் தொங்கிவிடும், திருப்பிவிட்டேன். இன்னொரு சோதனை, ஒரு துண்டில் வெந்நீர் தெளித்து மூடி வைத்து முகர்ந்து பார்ப்பது. பழைய காகிதத்தை அரைத்துச் செய்த சாம்பல் நிற அட்டையில் குப்பை வாடை வரும். விலை குறைவுதான். சாப்பாடு வைக்கும் தட்டுக்கு நான் அதைத் தொடுவதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சிக்கல் வந்தது. சாயங்காலம் அழகாகக் கட்டி வைத்த தட்டு காலையில் விரிந்து கிடந்தது. ஐம்பது தட்டு அடுக்கின் உயரம் இரண்டு விரல் ஏறியிருந்தது. அட்டை ஈரம் குடித்திருந்தால் அச்சின் சூடு அந்த ஈரத்தைப் போக்கவே சரியாகப் போய்விடும், மடிப்பு படியாது. சித்திரையில் இதற்கு நேர்மாறு, அட்டை காய்ந்து விளிம்பில் நரம்பு நரம்பாக வெடிக்கும். இப்போது கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, பாலித்தீன் தாள் போர்த்தியே வைக்கிறேன். அடுக்கின் உயரத்தைத் தினமும் காலையில் அளந்தால் போதும், தட்டின் சங்கதி தெரிந்துவிடும்.

விற்பனைக்கு மதுரையில் ஒரு கேட்டரிங்காரரிடம் போனேன். பேச்சே இல்லை. சமையல்கட்டில் இருந்து சுடச்சுட இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். பத்து நிமிடத்தில் வந்து தட்டைத் தூக்கி அடியைக் காட்டினார். எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. "தம்பி, ரிசப்ஷன்ல பட்டுப்புடவை மடியில வச்சுத் திம்பாங்க. கறை பட்டா என்னையத்தானே கேப்பாங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவரே வழியும் சொன்னார். பஃபேயில் பாக்குமட்டைத் தட்டின் மேல் வட்டமாக வெட்டிய வாழை இலையைப் போட்டுத்தான் அவர் பரிமாறுகிறார். அதே வட்ட இலையை என் தட்டுக்கு அளவாக வெட்டிப் போட்டால் கசியாது, பாக்குமட்டையை விடச் செலவும் குறைவு. மறுநாள் இலைக்கடையில் 6 அங்குல வட்டம் வெட்டித் தரச் சொல்லி, இலையோடு சேர்த்துக் கொண்டு போனேன். மறுபடி பஜ்ஜி, மறுபடி சட்னி. அடி காய்ந்தே இருந்தது. முதல் ஆர்டர் நாலாயிரம்.

சாம்பார், பாயசத்துக்கு என் தட்டு ஆகாது என்று இப்போது நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சுண்டல், கேக், மாலைப் பலகாரம், இதற்குத்தான். கல்யாண வீட்டார் பணம் கொடுத்த பிறகுதான் கேட்டரிங்காரர் நமக்குக் கொடுப்பார், ஒரு மாதம்கூட ஆகும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மெஷின் கடன் தவணை அந்த மாதங்களிலும் உண்டு. அதனால் வைகாசியில் வந்த பணத்தில் இரண்டு தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இப்போது ஆடி. கொட்டகையில் பலகை மேல் இருபதாயிரம் தட்டு ஆவணிக்காக அடுக்கியிருக்கிறது, காலையில் அளந்தபோது உயரம் மாறவில்லை.