ஒன்றுகூடல் அழைப்பு வீடியோ: மூன்றாவது பிரதி வரை

ஓய்வு நேரங்களில் கைப்பேசியில் சிறு வீடியோக்களைத் தொகுத்து வருபவன் என்பதால், எமது 1996 உயர்தரப் பிரிவினரின் முப்பதாவது ஆண்டு ஒன்றுகூடலுக்கான அழைப்பு வீடியோவை ஆக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எம்மில் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களைவிட ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களே அதிகம். ஆகவே எல்லோருக்கும் வட்ஸ்அப் வழியாகவே இது போய்ச் சேரும் என்பதை மனத்தில் வைத்து எழுதத் தொடங்கினேன்.

முதற்பிரதி ஏறத்தாழ 180 சொற்கள். வாய்விட்டு வாசித்தபோது இரண்டு நிமிடம் பிடித்தது. திகதி ஒன்றரை நிமிடம் கழித்தே வந்தது. அதைவிடப் பெரிய குறை தொடக்க வரியில் இருந்தது. "மறக்க முடியாத அந்தப் பள்ளிக் காலம்" என்று தொடங்கியிருந்ததைக் கேட்ட வகுப்புத் தோழன், "மச்சான், இது எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். எங்கட வகுப்பு இதில எங்கயடா இருக்கு?" என்றான். அவன் கேட்டது முற்றிலும் சரி.

எமது வகுப்புக்கே உரியது எது என்று இரண்டு நாள் யோசித்தேன். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த அந்தப் போர் ஆண்டுகளில், வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரியைக் கொளுத்திப் படித்தோம். காற்றுக்கு அணையாமல் போத்தலின் கண்ணாடியே காத்தது. விடிந்து பள்ளிக்கூடம் போனால் ஒவ்வொருவர் மூக்கிலும் கரி இருக்கும். அந்தக் கரிதான் எனக்குத் தொடக்க வரியைத் தந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு நடந்த யாழ்ப்பாண இடப்பெயர்வைக் கொண்டு தொடங்கலாமா என்றும் எழுதிப் பார்த்தேன். அந்த நாட்களில் உறவுகளை இழந்தவர்களும் எம்முள் இருப்பதால், அழைப்பின் முதல் வரியாக அதை வைக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விடுவதும் பொய்யாகவே பட்டது. எனவே அது ஒரே வசனமாக இரண்டாவது இடத்துக்குப் போயிற்று.

இரண்டாவது பிரதியில் வேறொரு தவறு நேர்ந்தது. வருபவர்கள் பெயரைப் பதிவதற்காக வீடியோவின் இறுதியில் கியூஆர் குறியீட்டை அழகாக வைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க ஐந்து பேருக்கு அனுப்பியபோது, ஒருவர் மட்டுமே பதிவு செய்தார். அவரும் மகளின் கைப்பேசியால் தன் திரையைப் படம் பிடித்தே உள்ளே போயிருந்தார். வீடியோ ஓடுகின்ற கைப்பேசியின் கமெராவை அதே திரையை நோக்கித் திருப்ப முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது குறியீடு கல்லூரி வாசலில் ஒட்டும் சுவரொட்டிக்கு மட்டும். வீடியோவுடன் அனுப்பும் செய்தியில் இணைப்பை எழுதுகிறேன். பிறருக்கு அனுப்பும்போது அந்தச் செய்தி கழன்றுவிடக்கூடும் என்பதால், சுருக்கிய முகவரியைத் திரையிலும் ஏழு விநாடிகள் பெரிய எழுத்தில் நிறுத்தியுள்ளேன்.

பெயர் பதிவதற்கான முடிவு நேரத்தை முதலில் "நள்ளிரவு" என்று எழுதியிருந்தேன். எந்த நாட்டு நள்ளிரவு என்று கேள்வி வந்தது. இலங்கையின் இரவு 8 மணி என்று மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. நவம்பர் இறுதியில் அது லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30.

மூன்றாவது பிரதியின் பேச்சுப் பகுதி இதுதான்:

"ஜாம் போத்தல் விளக்கின் கரி மூக்கில் படியப் படித்துவிட்டு, காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தவர்கள் நாங்கள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் 1995 இல் பிரிந்தோம். 2026 டிசெம்பர் 26, சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு, எமது கல்லூரியின் பிரதான மண்டபத்தில் மீண்டும் கூடுகிறோம். திரையில் தெரியும் முகவரியில் உங்கள் பெயரைப் பதியுங்கள். இறுதி நேரம் நவம்பர் 30, இலங்கை நேரம் இரவு 8 மணி. டிசெம்பர் 26, சனிக்கிழமை. மண்டபத்தில் சந்திப்போம்."

நிதானமாக வாசித்தால் 40 விநாடிக்குள் முடிகிறது. திகதியை இருமுறை சொல்வதை வெட்டச் சொன்னார்கள். நான் வெட்டவில்லை, ஏனெனில் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் நாட்காட்டியில் குறித்ததாக இருவர் சொன்னார்கள். டிசெம்பர் மழையை எண்ணியே வேப்பமரத்தடியை விட்டு மண்டபத்தைத் தெரிவு செய்தோம். ஒலியை இரைச்சலில்லாமல் பிடிக்க, மின்விசிறியை நிறுத்திவிட்டு இன்றிரவு பத்து மணிக்குப் பிறகு பதிவு செய்யவிருக்கிறேன்.