கோமாரி வந்த ஊர்களுக்கு ஒரு வேண்டுகோள்

போச்சம்பள்ளி சந்தைக்கு மாடு ஓட்டத் தயாராக இருப்பவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். நம்ம கால்நடை மருந்தகத்துக்கு உட்பட்ட ஊர்களில் கோமாரி தெரிகிறது. தடை நீங்கியது என்று நான் சொல்லும் வரைக்கும் மாடு, ஆடு, பன்றி எதுவும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்தும் வாங்கி வர வேண்டாம்.

"என் மாடு நல்லாத்தானே இருக்கு டாக்டர்" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். ஒரு கொட்டகையில் நாலு மாடு, ஒன்றுக்கு மட்டும் நூல் நூலாக எச்சில் வடிகிறது என்றால், மீதி மூன்றுக்கும் கிருமி ஏற்கெனவே ஏறியிருக்கலாம், கொப்புளம் வெளியே தெரியும் முன்பே அதன் மூச்சிலும் பாலிலும் கிருமி வெளியேற ஆரம்பித்துவிடும். அந்த மூன்றில் ஒன்றைச் சந்தையில் விற்றால் ஓசூர், ஆனேக்கல் வரைக்கும் போய்விடும். நேற்று தடுப்பூசி போட்ட மாடும் அப்படித்தான், எதிர்ப்பு சக்தி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

காய்ச்சல், திடீரெனப் பால் குறைவது, சப் சப்பென்று வாயைச் சப்புவது, காலை உதறுவது, குளம்பு இடுக்கில் புண், இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே மருந்தகத்திலோ ஊராட்சியிலோ சொல்லுங்கள், கால்நடை உதவி எண் 1962-க்கும் கூப்பிடலாம். 2009 கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் முதலில் சாவது கன்றுக்குட்டி, நோய் அதன் இதயத்தைத் தாக்கும். நோய் மாட்டின் பாலைக் கன்றுக்கு விடாதீர்கள்.

அப்புறம், பால் வண்டிக்காரர்கள் டயரையும் செருப்பையும் சலவை சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள், லிட்டருக்கு 40 கிராம்.