மஞ்சள் புள்ளி

யாங்கூனில் பான்சோடான் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் ஸ்கேன், பிரிண்ட், பழைய போட்டோவைச் சுத்தம் செய்வது என்று என் பிழைப்பு. தாத்தா முகத்தில் விழுந்த கறையை எடுப்பேன், பாட்டி புடவையில் இருக்கும் மடிப்பை நீக்குவேன். படத்தில் தேவையில்லாததை அழித்து அழித்தே பழகிப்போன கை.

போன மாதம் அக்கா கடைக்கு வந்தாள். பாழாய்ப்போன பிரிண்ட் தாள்களை ஓரமாக அடுக்கி வைத்திருப்போம். அக்கா மகள் அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கிரேயானால் என்னை வரைந்துவிட்டாள். நாலு வயது. பெரிய வட்டம், அதற்குள் இரண்டு கண், வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால். கைகள் காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிளம்புகின்றன. இந்த வயதுப் பிள்ளைகள் பல பேர் மனிதரை இப்படித்தான் வரைவார்கள், உடம்பு என்ற சமாச்சாரமே இருக்காது. வட்டத்தின் மேலே கருப்பாக ஏழெட்டுக் கோடு.

குடும்ப வைபர் குழுவில் போட்டுவிடலாம் என்று ஸ்கேனரில் வைத்தேன். கீழே கேப்ஷன் எழுதினேன்: "மாமாவுக்கு முடி முளைத்துவிட்டது. வைத்தியச் செலவு ஏதும் இல்லை, ஒரு கருப்புக் கிரேயான் போதும்." என் தலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனக்கே சிரிப்பு வந்தது. அனுப்பும் முன் மருமகளிடம் திரையைக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "மாமா, மஞ்சள் எங்க?" என்றாள்.

மஞ்சளா? தாளை எடுத்துப் பார்த்தேன். கோடுகளின் உச்சியில், விரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் அழுத்தல். திரையில் அந்த இடம் வெறும் வெள்ளை.

குற்றம் என்னுடையதுதான். ரசீது, சான்றிதழ் எடுப்பதற்காக ஸ்கேனரில் பின்னணியைத் தானாக வெளுக்கும் அமைப்பைப் போட்டே வைத்திருக்கிறேன். வெள்ளைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் எதையும் அது அழுக்கு என்று எடுத்துக்கொண்டு வெள்ளையாக்கிவிடும். வெளிர் மஞ்சள் அதில் முதல் பலி. அந்த அமைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். இந்த முறை தாளின் பின்னால் ஒரு கருப்பு அட்டை வைத்தேன். பின்பக்கம் பாதி அச்சான கல்யாணப் பத்திரிகை. ஸ்கேனரின் வெள்ளை மூடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்த எழுத்துகள் முன்பக்கம் தெரிந்துகொண்டிருந்தன. அட்டை வைத்ததும் அடங்கிவிட்டன. கண்ணாடியில் மெழுகு ஒட்டாமலிருக்க நடுவே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள்.

மஞ்சள் வந்தது, ஆனால் மங்கல். சந்தேகம் வந்தால் நான் செய்வது ஒன்று உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து நீலத்தை மட்டும் திறப்பேன். மஞ்சள் நீல ஒளியைத் தின்றுவிடும், அதனால் அதில் கருப்பாகத் தெரியும். திறந்தால், அது புள்ளியே இல்லை. வட்ட வட்டமாகச் சுற்றிச் சுற்றி, நடுவில் தாள் கொஞ்சம் தேயும் அளவுக்கு அழுத்தியிருக்கிறாள். மொத்தப் படத்திலும் அவள் அதிகம் பாடுபட்ட இடம் அதுதான்.

"இது என்ன?" என்று கேட்டால் பிள்ளைகளுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிடும். அதனால், "எனக்கு இந்தப் படத்தைச் சொல்லு" என்றேன்.

"மாமா நிக்கிறாரு. இது கரண்டு கம்பி. இது மீ லாபீ."

யாங்கூன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரண்டு போய்ப் போய் வரும் ஊர். வந்தவுடன் மாடிக்கு மாடி, சந்துக்குச் சந்து, "மீ லாபீ!" என்று ஒரு கத்தல் எழும். பர்மிய மொழியில் விளக்கு வந்தாச்சு என்று அர்த்தம். கரண்டு போனால் நான் கடை வாசலில் வந்து நின்று மேலே கம்பியைப் பார்ப்பேனாம். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். முடி என்று நான் கொண்டாடியது கம்பி.

பழைய கேப்ஷனை அழித்தேன். கொஞ்சம் வருத்தம்தான், நல்ல வரி. புதிதாக எழுதியது இது:

"மாமா கரண்டுக்காகக் காத்து நிற்கிறார். தலையில் இருப்பது முடி அல்ல, கம்பி (அரை மணி நேரம் முடி என்று நம்பி சந்தோஷமாக இருந்தேன்). உச்சியில் மஞ்சள், ஓவியர் சொன்னபடி: 'மீ லாபீ!' வயிற்றை அவர் வரையவில்லை. யாரும் நினைவுபடுத்த வேண்டாம்."

அவளுக்குப் படித்துக் காட்டினேன். "மீ லாபீ" வந்த இடத்தில் மட்டும் தலையாட்டினாள்.

அப்புறம் கடைச் சுவரில் ஒட்ட ஒரு பிரதி எடுத்தேன். பிரிண்டரிலிருந்து முதலில் மஞ்சள் வந்தது, பிறகு கம்பி, பிறகு என் கண் இரண்டும். அத்தோடு கரண்டு போய்விட்டது. கால்கள் இன்னும் அச்சாகவே இல்லை. நான் பழக்கம் மாறாமல் எழுந்து வாசலுக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்து, பக்கத்தில் நின்று, கம்பியைப் பார்த்தாள்.