ஐம்பது லட்சம் கொடுத்தோம், ஏட்டில் முப்பத்திரண்டரை லட்சம்

பன்னிரண்டு ஆண்டுகள் சிறு நிறுவனங்களில் கணக்கு எழுதிய எனக்கு வாடகை அட்வான்ஸ் என்பது ஒரே வரி வேலை. கொடுத்த அன்று சொத்துப் பக்கத்தில் எழுதுவோம், திரும்பி வரும் அன்று நீக்குவோம். இடையில் அதை யாரும் தொடுவதில்லை. பழைய கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனங்களில் இன்றும் அப்படித்தான். பிறகு இன்ட்-ஏஎஸ் என்ற புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் ஒரு பெரிய குழுமத்தின் துணை நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் ஆண்டே இந்த ஒரே வரி என் தூக்கத்தைக் கெடுத்தது.

சென்னையில் எங்கள் அலுவலகத்துக்கு மாதம் 5 லட்சம் வாடகை. நம் ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், அதாவது 50 லட்சம். ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 1 முதல் ஐந்து ஆண்டுகள். வட்டி கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பும். நான் வழக்கம்போல் 50 லட்சத்தை எழுதி வைத்தேன். ஆண்டு முடிவில் தணிக்கைக்கு வந்த பெண் அந்த வரியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "இதைத் தற்போதைய மதிப்புக்குக் கொண்டுவரவில்லையே சார்?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பது கொடுத்தோம், ஐம்பது திரும்பி வரும். நடுவில் எதற்காகக் குறைக்க வேண்டும்?

பதில் தரநிலையைப் படித்ததில் கிடைக்கவில்லை. கட்டடம் பிடித்த நாட்களின் பேரத்தை நினைத்துப் பார்த்தபோது கிடைத்தது. அன்று எங்கள் நிர்வாகி அட்வான்ஸை ஆறு மாதமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டார். கட்டட உரிமையாளர் யோசிக்கவே இல்லை. "தாராளமாக. ஆனால் வாடகை மாதம் பதினைந்தாயிரம் கூடும்" என்றார். குறையும் 20 லட்சத்துக்கு ஒன்பது சதவீத வட்டி போட்டால் ஆண்டுக்கு 1,80,000. மாதத்துக்குச் சரியாக 15,000. தரநிலை சொல்ல வந்ததை அவர் கணக்குப் புத்தகம் இல்லாமலே சொல்லிவிட்டிருந்தார். எங்கள் பணத்தை அவர் வட்டியில்லாமல் வைத்துக்கொள்கிறார், அதற்கு ஈடாக வாடகையைக் குறைத்திருக்கிறார். ஆக, அந்த 50 லட்சத்துக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று அவருக்கு நாம் கொடுத்த கடன். மற்றது கடன் வேடத்தில் இருக்கும் முன்கூட்டிய வாடகை. இரண்டையும் பிரித்துக் காட்டு என்பதுதான் விதி. கடன் பகுதியை இன்ட்-ஏஎஸ் 109 பார்த்துக்கொள்கிறது, வாடகைப் பகுதியை இன்ட்-ஏஎஸ் 116.

பிரிப்பது எக்செலில் ஒரு வரி:

```
=PV(9%,5,0,-5000000)
```

விடை 32,49,657. ஐந்து ஆண்டு கழித்து வரும் ஐம்பது லட்சத்தின் இன்றைய மதிப்பு அது. அட்வான்ஸ் இந்தத் தொகையில் ஏட்டில் ஏறுகிறது. மீதி 17,50,343 முன்வாடகை.

இங்கேதான் நான் முதல் தவறைச் செய்தேன். அந்த பதினேழரை லட்சத்தை அந்த ஆண்டின் செலவாக எழுதிவிட்டேன். மதிப்புக் குறைந்தால் நஷ்டம்தானே என்ற பழைய புத்தி. லாப நட்டக் கணக்கைப் பார்த்த நிதித் தலைவர் ஒன்றும் பேசாமல் என்னை மட்டும் பார்த்தார். எதுவும் நஷ்டமாகவில்லை. ஐந்து ஆண்டுகள் கட்டடத்தைப் பயன்படுத்துவதற்காகக் கொடுத்த தொகை அது, எனவே கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமையை ஏட்டில் காட்டும் பயன்பாட்டு உரிமைச் சொத்தின் விலையோடு சேர்ந்து ஐந்து ஆண்டுகளில் தேய வேண்டும். ஆண்டுக்கு 3,50,069.

மறுபுறம், அட்வான்ஸ் ஆண்டுதோறும் ஒன்பது சதவீதம் வளர்ந்துகொண்டே போகும். அந்த வளர்ச்சி வட்டி வருமானம். முதல் ஆண்டில் 2,92,469. அட்வான்ஸ் 35,42,126 ஆகிறது. இரண்டாம் ஆண்டு வட்டி 3,18,791. இப்படியே ஏறி, ஐந்தாம் ஆண்டில் 4,12,844 சேரும்போது ஏடு சரியாக 50 லட்சத்தைத் தொடுகிறது. தேய்மானம் சமமாக இருக்கிறது, வட்டியோ ஏறுமுகம். அதனால் முதல் ஆண்டில் நிகரச் செலவு 57,600. மூன்றாம் ஆண்டில் இரண்டாயிரத்துச் சொச்சம். நான்காம் ஆண்டிலிருந்து அது வருமானமாக மாறிவிடுகிறது. ஐந்தையும் கூட்டினால் பூஜ்யம். கையில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, குறையவில்லை. எந்த ஆண்டில் எது தெரிகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

அடுத்த சண்டை வட்டி வீதத்தைப் பற்றியது. நான் முதலில் போட்டது 11 சதவீதம், எங்கள் வங்கி எங்களுக்குத் தரும் கடன் வீதம். இனி கொடுக்க வேண்டிய வாடகைகளின் இன்றைய மதிப்பான வாடகைக் கடப்பாட்டைக் கணக்கிடும்போது அதைத்தான் பயன்படுத்தியிருந்தேன், எனவே இங்கும் அதையே இழுத்துவிட்டேன். பென்சில் மீண்டும் வட்டம் போட்டது. "இதில் கடன் வாங்கியவர் யார் சார்?" உண்மைதான். அட்வான்ஸில் கடனாளி கட்டட உரிமையாளர். அவருக்கு இதே காலத்துக்கு, இதே நிபந்தனையில் சந்தை என்ன வட்டி கேட்கும் என்பதுதான் கேள்வி. வாடகை வருமானத்தைக் காட்டி அவரைப் போன்றவர் வாங்கும் கடனின் வீதத்தை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கினோம். அட்வான்ஸுக்கு அடமானம் இல்லையே, வீதத்தைச் சற்றுக் கூட்ட வேண்டாமா என்று நானே கேட்டேன். கடைசி மாதங்களின் வாடகையை அதில் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தந்ததால் 9 போதும் என்று முடிவாயிற்று. பதினொன்றை வைத்திருந்தால் ஏட்டுத் தொகை ஏறத்தாழ 29.67 லட்சமாகியிருக்கும். பல அலுவலகங்களில் இரண்டுக்கும் ஒரே வீதத்தைப் போட்டு ஓட்டுகிறார்கள். தொகை சிறிதென்றால் யாரும் கேட்பதில்லை. ஐம்பது லட்சத்துக்குக் கேட்பார்கள்.

காலத்திலும் ஒரு பொறி இருந்தது. மூன்று ஆண்டு முடிந்தபின் நாங்கள் விரும்பினால் வெளியேறலாம் என்று ஒப்பந்தம் சொல்லியது. எனக்கு முன் வேலை பார்த்தவர் தொடங்கிவைத்த பழைய தாளில் அட்வான்ஸுக்கு மூன்று ஆண்டு, வாடகைக் கடப்பாட்டுக்கு ஐந்து ஆண்டு என்று இருந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு விதமாகக் குடியிருக்க முடியாது. உள் அலங்காரத்துக்குப் பெருந்தொகை செலவழித்திருந்ததால் ஐந்து ஆண்டும் இருப்போம் என்பது ஏறக்குறைய நிச்சயம், ஆகவே இரண்டுக்கும் ஐந்து என்று எழுதி, காரணத்தையும் ஒரு பக்கத்தில் பதிவு செய்தோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த வாரத்தில் உரிமையாளரிடமிருந்து தொலைபேசி. தணிக்கைக்காக நிலுவையை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றை வழக்கம்போல் எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம். தொகையைக் கணினி ஏட்டிலிருந்து நேராக எடுத்திருந்தது.

"தம்பி, நான் வாங்கியது ஐம்பது. முப்பத்தைந்து லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களே. மீதியை எனக்கே விட்டுவிட்டீர்களா?"

கடிதத்தில் ஒப்பந்தத் தொகைதான் இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தர வேண்டியது ஐம்பதுதான். முப்பத்தைந்து எங்கள் ஏட்டின் சொந்த விவகாரம். புதுக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் இணைக்கும் சிறு அட்டவணை ஒன்றைத் தணிக்கைக் கோப்பில் வைத்தேன். அது இன்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொகையை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டும்போது, "பழைய கடிதத்தை நான் வைத்துக்கொள்கிறேன், காலி செய்யும்போது உதவும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டுத்தான் வந்தேன்.