கேர்னல் செத்த பிறகு நான் அழுத்தவிருந்த கண்ட்ரோல் எஸ்

அன்று மாலை 4.10க்கு என் ஜுப்பிட்டர் நோட்புக்கின் கேர்னல், அதாவது அதில் எழுதிய பைதானை ஓட்டும் பகுதி, செத்தது. அதனால் நான் எழுதியதில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. அழித்தது அதற்குப் பிந்திய பத்து நிமிடங்களில் நானே. அதைத் திரும்ப எடுத்த கதை இது.

வேலை தேயிலை ஏல விலைகள் பற்றியது. கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் ஏலத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒவ்வொரு தோட்டமும் தன் பெயர்க்குறியோடு தேயிலையைத் தொகுதி தொகுதியாக அனுப்பும். என்னிடம் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் நான்கு ஆண்டுகளில் விற்ற ஏறத்தாழ 90,000 தொகுதிகள். மற்றதில் ஏறத்தாழ 300 தோட்டக் குறிகளுக்கு விற்பனைக்கு ஒன்றாக மதிப்பீட்டு விலைகள். இரண்டையும் பாண்டாஸில் இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இணைப்பைவிட என் உழைப்பைத் தின்றது அதற்கு முந்திய ஒரு செல். தேயிலைத் தரங்களின் பெயர்களைச் சீராக்கும் சிறு செயற்கூறு அதில் இருந்தது. ஒரே தரத்தை ஒருவர் `BOPF SP` என்று இடைவெளி விட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் சேர்த்து எழுதியிருப்பார், மூன்றாமவர் நடுவில் புள்ளிகள் வைத்திருப்பார். தரவைப் பார்க்கப் பார்க்க விதிகள் கூடின. மாலை மூன்று மணிக்கு அவை பதினான்காகிவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு பிழையைக் கண்ட பிறகு சேர்த்தது. இப்படியான ஒன்றை மனப்பாடத்திலிருந்து மீண்டும் எழுத முடியாது.

பிறகு இணைப்பை ஓட்டினேன். விசிறி இரைந்தது, சுட்டி நகர மறுத்தது. சில நிமிடங்களில் கேர்னல் இறந்துவிட்டது, தானாக மீண்டும் தொடங்கும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. நினைவகம் போதவில்லை என்பது புரிந்தது. ஆனால் குற்றவாளியைத் தவறாகப் பிடித்தேன். விதிகள் பதினான்கும் ஒவ்வொரு முறையும் அட்டவணையின் நிரலைப் புதிதாகப் பிரதி எடுப்பதால்தான் நினைவகம் நிரம்பியது என்று முடிவுகட்டி, அந்தச் செயற்கூறைப் பாதி வெட்டி, வேறு மாதிரி எழுதத் தொடங்கினேன். அதற்கு மேலிருந்த குறிப்புச் செல்லையும் அழித்துவிட்டேன். கேர்னல் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதால் எதையும் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. நெடுநேரமாகியும் அது எழாததால் பக்கத்தைப் புதுப்பித்தேன்.

புதுப்பித்ததும் முன்னே வந்தது பாதி வெட்டிய செயற்கூறு. கண்ட்ரோல் இசட் அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. செயல்நீக்க வரலாறு திறந்திருந்த பக்கத்தோடு இருப்பது. பக்கம் போனால் அதுவும் போய்விடும்.

என் விரல்கள் அடுத்து கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போயின. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை போன காலத்தில் இங்கே பலருக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது: மனம் பதறினால் சேமி. பக்கத்து மேசையிலிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தே எழுந்து வந்தார்.

"தம்பி, அதை அழுத்திவிடாதீர்கள். கடைசியாக எப்போது கையால் சேமித்தீர்கள்?"

"சாப்பிடப் போகும்போது, அக்கா. 12.40 இருக்கும். பிறகு அதுவாகச் சேமித்துக்கொண்டே இருந்ததே."

"அப்படியென்றால் மதியத்துப் பிரதி இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் அழுத்தினால் அதுவும் போய்விடும்."

இரண்டும் ஒரே சேமிப்பு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஜுப்பிட்டர்லாப் வழமையாக 120 விநாடிக்கு ஒருமுறை, மாற்றம் இருந்தால், நோட்புக் கோப்பைத் தானாகச் சேமிக்கிறது. அது `.ipynb` கோப்பின் மேலேயே எழுதும், பழையதை வைத்திருக்காது. இந்தச் சேமிப்புக்குக் கேர்னல் தேவையும் இல்லை. செல்களின் எழுத்து இருப்பது உலாவியில். அதை வட்டில் எழுதுவது சேர்வர். அதனால்தான் கேர்னல் செத்துக் கிடந்த நேரத்திலும் என் அவசரக் கிறுக்கல்கள் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டன. செக்பொயிண்ட் வேறு. நாமே கண்ட்ரோல் எஸ் அழுத்தும்போது மட்டும் கோப்பின் ஒரு பிரதி `.ipynb_checkpoints` என்ற மறைந்த கோப்புறைக்குள் போகிறது. வழமையான அமைப்பில் ஒரு நோட்புக்குக்கு அப்படி ஒரே ஒரு பிரதிதான். அடுத்த முறை அழுத்தினால் பழையதன் மேல் புதியது எழுதப்படும். ஆகவே அந்த நேரத்தில் வட்டில் இரண்டு வடிவங்கள் இருந்தன: 12.40 வடிவம், பிறகு 4.20க்குப் பாழாக்கிய வடிவம். நான் அழுத்தியிருந்தால் இரண்டுமே பாழானதாகியிருக்கும்.

பட்டியலில் செக்பொயிண்டுக்குத் திரும்பும் கட்டளை இருக்கிறதே என்றேன். அதையும் தொடவேண்டாம் என்றார் அக்கா. அது நோட்புக்கின் மேல் மதியத்து வடிவத்தை எழுதிவிடும். மாலைக் கோப்பு போய்விடும். அந்தக் கோப்பில் என்ன பயன் இருக்கும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் கேட்டேன். முனையத்தைத் திறந்து இரண்டையும் வேறிடத்தில் பிரதி எடுத்தோம்:

```
mkdir ~/meetpu
cp vilai.ipynb ~/meetpu/maalai.ipynb
cp .ipynb_checkpoints/vilai-checkpoint.ipynb ~/meetpu/mathiyam.ipynb
```

பெயர் புள்ளியில் தொடங்குவதால் இந்தக் கோப்புறை ஜுப்பிட்டரின் பக்கவாட்டுப் பட்டியலில் தெரியாது, அதனால்தான் முனையம். பிரதி எடுக்கும் முன் `ls -l .ipynb_checkpoints` கொடுத்து நேரத்தைப் பார்த்தோம். 12:41 என்று இருந்தது. அந்த நேரம் கேர்னல் செத்ததற்குப் பிந்தியதாக இருந்திருந்தால், மனமறியாமல் எப்போதோ அழுத்திவிட்டேன் என்று பொருள்.

பிரதியைத் திறந்தேன். அழித்த குறிப்புச் செல் முழுதாக இருந்தது. எந்தத் தரத்தை எதனோடு சேர்த்தேன், ஏன் சேர்த்தேன் என்பதெல்லாம் அதில் இருந்தன. செயற்கூறும் இருந்தது, ஆனால் ஒன்பது விதிகளோடு. மதிய உணவுக்குப் பின் சேர்த்த ஐந்தும் இல்லை. ஒரு பெருமூச்சும் ஒரு வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன.

மாலைக் கோப்பு ஏன் தேவை என்பது இங்கேதான் தெரிந்தது. அதில் செயற்கூறு பாழாகியிருந்தாலும், செல்லின் இடப்புறத்தில் `[31]` என்ற எண் அப்படியே இருந்தது. ஒரு செல்லை ஓட்டும்போது விழும் எண் அது. பிறகு உள்ளே என்ன மாற்றினாலும், மறுபடி ஓட்டும்வரை பழைய எண்தான் நிற்கும். ஆக, அந்த எண் இப்போதுள்ள எழுத்துக்குரியதல்ல. மூன்று மணிக்கு ஓட்டிய, பதினான்கு விதிகள் கொண்ட எழுத்துக்குரியது.

ஓட்டிய எழுத்து இன்னோர் இடத்திலும் பதிவாகிறது. பைதான் கேர்னலின் உள்ளே இருப்பது ஐபைதான். தன்னிடம் வந்த ஒவ்வொரு செல்லின் எழுத்தையும் `~/.ipython/profile_default/history.sqlite` என்ற கோப்பில் அது எழுதிவைக்கிறது. நோட்புக் கோப்போடு இதற்குத் தொடர்பில்லை. கேர்னல் செத்தாலும் எழுதியது எழுதியதுதான். பழைய நோட்புக்கைத் தொடாமல், புதிதாக ஒன்றைத் திறந்து அதில் இந்த ஒரு வரியை ஓட்டினோம்:

```
%history -g -f pazhaiya.txt
```

எல்லா அமர்வுகளின் செல்களும் ஒரு கோப்பில் வந்து கொட்டின. ஒவ்வொன்றின் முன்னும் `241/31:` போன்ற அடையாளம். முதல் எண் அமர்வு, இரண்டாவது அதே செல் எண். கேர்னல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புது அமர்வு எண் விழும், எல்லா நோட்புக்குகளும் ஒரே கோப்பில்தான் கொட்டும். அதனால் வெறும் 31ஐத் தேடினால் போன மாதத்து வேறு வேலையின் 31உம் வந்து நிற்கும். நான் செயற்கூறின் பெயரைத் தேடினேன். ஒரே அமர்வில் அது ஏழு தடவை வந்தது. விதிகள் ஒவ்வொன்றாகக் கூடியதை அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தது. ஏழாவது 31. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு விதிகள். கேர்னலைக் கொன்ற இணைப்புச் செல்லும் சற்றுக் கீழே அசையாமல் கிடந்தது.

அதைப் பார்த்தபோதுதான் உண்மையான பிழையும் தெரிந்தது. தோட்டக் குறியை மட்டும் வைத்து இணைத்திருந்தேன். ஆண்டையும் விற்பனை இலக்கத்தையும் விட்டுவிட்டேன். ஒரு குறிக்குச் சராசரியாக 300 தொகுதிகள், 200 மதிப்பீடுகள். ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு மதிப்பீட்டோடும் சேர்ந்தால் 60,000 வரிகள். 300 குறிகளுக்கு 1 கோடியே 80 இலட்சம். ஒரு நிரலுக்கே 144 மெகாபைட் வேண்டும். இருபத்தைந்து நிரல்கள், இடையில் உருவாகும் பிரதிகள் என்று கூட்டினால் 8 கிகாபைட் மடிக்கணினி என்ன செய்யும்? என் செயற்கூறு பாவம், அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

```
df = lots.merge(mathippu, on=["kuri", "aandu", "vir_ilakkam"],
                validate="many_to_one")
```

`validate` என்பது அக்காவின் சேர்க்கை. வலப்புற அட்டவணையில் ஒரே சாவி இரண்டு முறை வந்தால், இணைக்கத் தொடங்கும் முன்பே `MergeError` காட்டி நின்றுவிடும். ஓட்டினோம். சில நொடிகளில் 90,000 வரிகளோடு வந்து நின்றது.

குறிப்பை மதியக் கோப்பிலிருந்தும், செயற்கூறை வரலாற்றிலிருந்தும், மற்றச் செல்களை மாலைக் கோப்பிலிருந்தும் ஒட்டி, மேலிருந்து கீழாக முழுதும் ஓட்டிய பிறகுதான் அக்கா கண்ட்ரோல் எஸ்ஸை அழுத்த விட்டார். அப்போது மணி ஆறரை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்கள் நிரம்பி வழியும் நேரம். வெள்ளவத்தைக்கு நின்றபடியே போனேன்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு மணியளவில், தாழ்நிலத் தோட்டம் ஒன்றின் விலை திடீரென ஏறியதற்குக் காரணம் தோன்றி, ஒரு குறிப்புச் செல்லில் இரண்டு வரி எழுதியிருந்தேன். பிற்பாடு வெட்டியவற்றுள் அதுவும் போயிருக்கிறது. செக்பொயிண்டுக்குப் பிந்தியது என்பதால் மதியக் கோப்பில் இல்லை. குறிப்புச் செல்கள் கேர்னலுக்கே போவதில்லை என்பதால் வரலாற்றிலும் இல்லை. அந்த விலை ஏற்றம் வரைபடத்தில் இன்னும் தெரிகிறது. காரணம் என்ன எழுதினேன் என்பது நினைவுக்கு வரவில்லை.