மூன்று பேலும் இரண்டாவது பிஓடியும்

ஈரோட்டிலிருந்து விஜயவாடா பார்ட்டி ஒருவருக்கு பெட்ஷீட் அனுப்புகிறோம். பிப்ரவரி 6-ம் தேதி 14 பேலை ஒரே எல்ஆரில், அதாவது ஒரே லாரி ரசீதில், புக் செய்தோம். ஏப்ரலில் பணம் வந்தபோது 55,500 ரூபாய் குறைந்திருந்தது. கேட்டதற்கு, 11 பேல்தான் வந்தது, மூன்றுக்குப் பிடித்துவிட்டோம் என்றார்கள்.

லாரி ஆபீஸுக்கு போன் போட்டேன். "டெலிவரி ஆயிடுச்சுங்க, சிஸ்டத்துல காட்டுது" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அதில் எத்தனை பேல், யார் வாங்கினார் என்று எதுவுமே இல்லை. அதைப் பார்ட்டிக்கு அனுப்பிப் பயனில்லை. அன்றே மெயில் எழுதினேன். எல்ஆர் நம்பர், புக்கிங் தேதி, இன்வாய்ஸ் நம்பர், பேல் எண்ணிக்கை எல்லாம் போட்டு, சரக்கை வாங்கியவரின் கையெழுத்தும் சீலும் உள்ள டெலிவரி அத்தாட்சியான பிஓடியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கலரில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். பின்பக்கத்தையும் கேட்டதற்குக் காரணம் உண்டு. சரக்கு குறைந்தால் குடோன்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் எழுதுவார்கள்.

ஒரு வாரம் பதில் இல்லை. அந்த மாத வாடகை பில் வந்ததும், பிஓடி வராமல் இந்த எல்ஆருக்கு மட்டும் வாடகை தர முடியாது என்று எழுதினேன். மறுநாளே காப்பி வந்தது. பின்பக்கம் பார்ட்டியின் சீலுக்குப் பக்கத்தில் நீல மையில் '11 மட்டும், 3 குறைவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

அப்படியானால் மீதி மூன்று எங்கே? புக்கிங் ஆபீஸை விட்டுவிட்டு விஜயவாடா டெலிவரி ஆபீஸையே பிடித்தேன். அங்கிருந்த கிளார்க் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். மூன்று பேல் வழியிலேயே ஒரு குடோனில் தங்கிவிட்டதாம். வேறு வண்டியில் வந்து, 17-ம் தேதி தனி டெலிவரி சீட்டில் இறங்கியிருக்கிறது. அந்தச் சீட்டை எல்ஆரோடு சேர்க்காமல் வேறு ஃபைலில் வைத்துவிட்டார்கள். சரக்கு இரண்டு தவணையாகப் போனால் பிஓடியும் இரண்டு இருக்கும் என்று நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

சீட்டில் பேல் நம்பர் 5, 9, 12 என்று தெளிவாக இருந்தது. அதே சீல், அதே குடோன்காரரின் கையெழுத்து. இரண்டு காப்பியையும் எங்கள் பேக்கிங் லிஸ்ட்டோடு சேர்த்துப் பார்ட்டிக்கு அனுப்பினேன். அவர்கள் அக்கவுண்டன்ட் முதல் காப்பியை மட்டும் வைத்துக் கணக்கு எழுதியிருந்தார். நான்கு நாளில் பாக்கிப் பணம் வந்தது, நானும் வாடகையைத் தீர்த்துவிட்டேன்.

அந்தச் சீட்டு கிடைக்காமல் போயிருந்தால் லாரி ஆபீஸ் மேல்தான் நஷ்டஈடு கேட்டிருக்க வேண்டும். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, வழக்குக்குப் போக வேண்டுமானால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தோடு அது முடிந்திருக்கும். பார்ட்டி பணம் பிடிக்கும்வரை காத்திருந்தால் அதில் பாதி ஓடிவிடும். அதனால் இப்போது டெலிவரி என்று தெரிந்த வாரத்திலேயே பிஓடி கேட்டு, பேல் எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் அந்த எல்ஆரின் வாடகையைப் பாஸ் செய்கிறேன்.