கண்ணாடி காய்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது

வீடு சுத்தம் செய்யும் வேலையில் நானும் தம்பியும்தான், எங்களுக்கு ஆள் பலம் கிடையாது. பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்துக் கூப்பிடட்டும் என்று வேலைக்கு முன், வேலைக்குப் பின் படங்களைப் போட ஆரம்பித்தோம். முதல் பதிவுக்கு வந்த ஒரே பதில்: "லைட் போட்டு எடுத்தா எந்த பாத்ரூமும் பளிச்சுன்னுதான் இருக்கும்." இரண்டு மணி நேரம் முட்டி வலிக்கத் தேய்த்த வேலை அது. அன்று தூக்கமே வரவில்லை.

ஆனால் மறுநாள் படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. முதல் படம் விளக்கு இல்லாமல் வாசலில் நின்று எடுத்தது, இரண்டாவது விளக்கைப் போட்டுக் கிட்டே போய் எடுத்தது. அதற்குப் பிறகு தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, இரண்டு முறையும் அதே இடத்தில், மார்பு உயரத்தில், அதே விளக்கில் எடுக்கிறோம். போன் கேமராவைத் தானியங்கி மோடிலும் விடுவதில்லை. அது இருட்டான அழுக்குச் சுவரை வெளிச்சமாக்கிவிடும், வெள்ளையான சுத்தச் சுவரை மங்கலாக்கிவிடும். நாம் செய்த வேலையில் பாதி படத்தில் காணாமல் போகும். போனில் Pro என்று ஒரு மோடு இருந்தால் அதில் ISO, ஷட்டர், நிறச் சமன் மூன்றையும் முதல் படத்தின்போதே குறித்து வைத்து, கடைசியிலும் அதையே வைக்க வேண்டும்.

பெரிய அடி அதற்கு அப்புறம்தான். ஒரு வீட்டில் குளியல் கண்ணாடித் தடுப்பு முழுக்க உப்புக்கறை. தேய்த்துக் கழுவினோம், பளபளவென்று இருந்தது, உடனே படம் எடுத்துப் போட்டும்விட்டோம். மறுநாள் காலையில் அந்த வீட்டு அக்கா போன் செய்து, "தம்பி, எல்லாம் வெள்ளையா திரும்ப வந்திருக்கே" என்றார். திரும்பி வரவில்லை, போகவே இல்லை. உப்புப் படிவம் சொரசொரப்பானது. காய்ந்திருக்கும்போது வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். ஈரமாக இருந்தால் அந்தக் குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிடும், கறை கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் படம் எடுத்தது ஈரக் கண்ணாடியை. கூலி வாங்காமல் இன்னொரு முறை போய்ச் செய்தோம், அந்த நாள் போனது போனதுதான்.

இரண்டாம் முறை, வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டினோம். வெறுமனே தெளித்தால் வழிந்து ஓடிவிடும், கறையோடு சேர்ந்திருக்க நேரம் கிடைக்காது. 20 நிமிடம் விட்டுக் கழுவி, வைப்பர் இழுத்து, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பார்த்து, இன்னும் இருந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒட்டினோம். இதைப் பளிங்குக் கல்லில் செய்யாதீர்கள், கல்லையே அரித்துவிடும். பிளீச்சோடு எந்த அமிலமும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் போகவில்லை. நகத்தால் உரசினால் வழுவழுப்பாக இருந்தது, அப்படியென்றால் மேலே படிவம் இல்லை, கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. தம்பி படத்தில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் போடலாம் என்றான். நான் வெட்டவில்லை. இரண்டு படமும் காய்ந்த நிலையில், கீழே, "ஓரத்து மங்கல் கண்ணாடியின் அரிப்பு, இனிப் போகாது. ஆன நேரம் 3 மணி" என்று எழுதி, எங்கள் பகுதியின் பெயரையும் சேர்த்துப் போட்டோம். அந்த வாரமே மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: எங்கள் வீட்டில் இருப்பது கறையா, அரிப்பா?

நடுவில் ஒரு வாடிக்கையாளரை இழந்தோம், அது முழுக்க எங்கள் தவறு. வாய்மொழியாக "சரி" என்றவர், பதிவைப் பார்த்ததும் கோபமாகப் பேசினார். அலமாரியில் இருந்த மருந்து டப்பாவின் பெயர் படிக்கும்படி இருந்தது, கண்ணாடியில் அவர் முகமும் தெரிந்தது. உடனே எடுத்துவிட்டோம், ஆனால் அதற்குள் சிலர் பகிர்ந்திருந்தார்கள். இப்போது முதல் படத்துக்கு முன்பே அலமாரியைக் காலி செய்கிறோம், போடப்போகும் இரண்டு படத்தையும் அவருக்கு அனுப்பி, "போடலாம்" என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் போடுகிறோம்.

நேற்று ஒருவர் தன் வீட்டுக் கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்பி, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். படத்தில் கண்ணாடி ஈரமாக இருந்தது. துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.